பத்து நிமிடப் பேச்சும் ஐந்து நிமிடப் பேச்சும்

மாநாட்டுக்கு முந்தின நாள் இரவு எட்டரை மணிக்குப் போன் வந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் தோழர். "தோழர், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு உங்களுக்குப் பத்து நிமிஷம்னு சொல்லியிருந்தோம்ல, அத அஞ்சா ஆக்க வேண்டியிருக்கு. தலைவர்கள் லிஸ்ட் கூடிப் போச்சு."

இது புதிதல்ல. தூய்மைப் பணியாளர்கள் பற்றிய மாநாடுகளில் வாழ்த்துரைக்கு வருகிறவருக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். செத்தவனின் வழக்கைப் பற்றிப் பேசுகிறவனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கிடைக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். சரி தோழர் என்று சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன். அவர் விடவில்லை.

"அந்த நகராட்சி சம்பந்தப்பட்ட பகுதி இருக்குல்ல, அத விட்டாலே கரெக்டா அஞ்சு நிமிஷம் வந்துரும். ஆணையர் வேற மேடையில இருப்பாரு."

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மண்டபத்துக்கு அனுமதி வாங்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு கோரிக்கைகள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. ஒன்று, நேரத்தைக் குறைக்கச் சொல்வது. இன்னொன்று, விஷயத்தைக் குறைக்கச் சொல்வது. முதலாவதைச் சாக்காக வைத்து இரண்டாவது உள்ளே வரும். நாமும் நேரம் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதைச் செய்துவிடுவோம்.

1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் பாபாசாகேப் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, எழுதியனுப்பிய உரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டார். அதைத்தான் நாம் 'சாதி ஒழிப்பு' என்று வாசிக்கிறோம். இதைக் காட்டி, "அம்பேத்கரே வெட்ட மாட்டேன் என்றார், நான் ஏன் வெட்ட வேண்டும்?" என்று கேட்கும் பேச்சாளர்களை நான் பார்த்திருக்கிறேன். லாகூர்க்காரர்களுக்குப் பிரச்சினை உரையின் நீளம் அல்ல. அவர்கள் கைவைக்கச் சொன்னது வாதத்தின் மீது. எனக்கு வந்த போனில் இரண்டும் கலந்திருந்தன. ஆகவே அன்றிரவு எனக்கு இருந்த வேலை, நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நகராட்சியை விடாமல் இருப்பது.

என் பத்து நிமிட உரை எழுத்தில் 940 சொற்கள் இருந்தது. மேடையில் நான் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 சொற்கள் பேசுகிறேன். போனில் பதிவு செய்து பலமுறை எண்ணிப் பார்த்ததால் இது தெரியும். ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு வேறுபடும், அவரவர் எண்ணிப் பார்ப்பதுதான் நல்லது. ஐந்து நிமிடம் என்றால் 475 சொல். மைக் அருகே போய் நிற்க, மைக்கைச் சரிசெய்ய, கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதால் நிறுத்த என்று அரை நிமிடம் போய்விடும். மிச்சம் 430 சொல். அதாவது பாதிக்கும் குறைவு.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்றிரண்டு சொல்லை அடித்தேன். "கொடூரமான", "மனிதாபிமானமற்ற", "வெட்கித் தலைகுனிய வேண்டிய" எல்லாம் போயிற்று. ஒரு மணி நேரம் உட்கார்ந்து 940ஐ 810 ஆக்கினேன். உரை மெலிந்திருந்தது, ஆனால் அத்தனை விஷயங்களும் அப்படியே இருந்தன. இந்த வழியில் 430க்குப் போக முடியாது. போனாலும், ஒன்பது விஷயங்களை ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில் சொல்லும் பட்டியலாகத்தான் வரும். கேட்பவருக்கு எதுவும் நிற்காது.

அப்போது பழைய பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. வெட்டுவதற்கு முன், உரையின் வாதத்தை "ஆகையால்" என்ற சொல் வரும்படி ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். நான் எழுதிய முதல் வாக்கியம் இது: "சட்டம் வந்த பிறகும் பாதாளச் சாக்கடை மரணங்கள் தொடர்கின்றன." பார்த்தாலே தெரிகிறது, இதில் ஆகையால் போட இடமே இல்லை. இது தலைப்பு, வாதம் அல்ல. மேடையில் இருக்கும் ஆணையரும் தலையாட்டுவார். யாரும் மறுக்காத ஒன்றைச் சொல்ல ஐந்து நிமிடம் எதற்கு?

இரண்டாவது முறை எழுதியது: "ஒருவர் சாக்கடையில் இறந்த அன்று போடப்படும் முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இல்லாவிட்டால், வேலையை வாங்கிய நிர்வாகம் வழக்குக்குள் வராது, மூன்று மாதம் கடந்துவிட்டால் அந்தப் பிரிவின் கீழ் வழக்கே எடுக்க முடியாது, ஆகையால் இழப்பீட்டுக்கு அலையும்போதே பிரிவையும் கேட்க வேண்டும்."

இதில் மறுக்க ஆள் இருக்கிறது. போலீஸ் மறுக்கும். நகராட்சி மறுக்கும். நம்மிலேயே சிலர், "முதலில் பணம் வரட்டும், கேஸை அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அப்படியானால் இது வாதம்.

இந்த வாக்கியத்தை முழுவதும் புரிந்துகொள்ள, இதுவரை இங்கே எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரோ, உள்ளாட்சி அமைப்போ, முகமையோ யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணியமர்த்தக் கூடாது என்கிறது. "மறைமுகமாகவோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். நகராட்சி ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கிறது. அவர் உள் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார். அவர் மேஸ்திரியிடம் சொல்கிறார். மேஸ்திரி சேரியில் வந்து ஆள் கூப்பிடுகிறார். இந்தச் சங்கிலி முழுவதையும் பிடிப்பது அந்த ஒரு சொல்தான். இந்தச் சட்டத்தின் குற்றங்கள் ஜாமீனில் வெளிவர முடியாதவை என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் வழக்கமாக எழுதப்படுவது கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). அது ஜாமீனில் வரக்கூடியது. அதில் மாட்டுவது பக்கத்தில் நின்றவன், அதாவது மேஸ்திரி. அவரும் பல நேரம் நம் தெருக்காரர்.

இதோடு 10ஆம் பிரிவு சேர்கிறது. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் செய்யப்படாவிட்டால், இந்தச் சட்டத்தின் கீழான குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாது. கருமாதி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து முடிவதற்குள் மூன்று மாதம் போய்விடும்.

வாக்கியம் கையில் வந்த பிறகு வேலை மாறிவிட்டது. ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, இது இல்லாவிட்டால் அந்த வாக்கியம் விழுமா என்று கேட்டேன்.

1993ஆம் ஆண்டுச் சட்டம், அதன் தோல்வி, 2013இல் புதுச் சட்டம் வந்த கதை: ஒன்றரை நிமிடம். நான் படித்துச் சேர்த்தது. எடுத்தால் வாக்கியம் விழவில்லை, எடுத்தேன். 2014இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இதை ஒரு வரியாக்கினேன். இந்த ஒரு வரி பிறகு என்ன செய்தது என்று கீழே சொல்கிறேன்.

கஷ்டமாக இருந்தது விஷவாயுப் பகுதி. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, உள்ளே இறங்கலாம் என்று நினைப்பவன் அதிக ஆபத்தில் இருக்கிறான். முதலில் இறங்கியவன் விழுந்ததும், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவனும் மூன்றாமவனும் செத்துப்போவது இதனால்தான். இந்தப் பகுதியை எங்கே பேசினாலும் கூட்டம் நிசப்தமாகிவிடும். பேச்சாளனுக்கு அந்த நிசப்தம் போதை. ஆனால் அன்றிரவு யோசித்தபோது தெரிந்தது, இதைக் கேட்டு முடித்தவர் எழுந்து என்ன கேட்பார்? முகமூடி கொடுங்கள், வாயு அளக்கும் கருவி கொடுங்கள், இயந்திரம் வாங்குங்கள் என்பார். நியாயமான கோரிக்கைகள்தான். ஆணையரும் அடுத்த நிதியாண்டில் வாங்குகிறோம் என்று மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். என் வாதம் இயந்திரத்தைப் பற்றியது அல்ல, யார் குற்றவாளி என்பதைப் பற்றியது. பத்து நிமிட உரையில் விஷவாயு பக்கத்தில் ஒரு துணைக்கதையாக நின்றது. ஐந்து நிமிடத்தில் அதுவே உரையின் முகமாகிவிடும், கூட்டத்தை வேறு திசைக்கு இழுத்துப் போய்விடும். எடுத்தேன். இன்னமும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அடுத்தது. 2015 திருத்தத்தில் 3(1)(j) பிரிவு வந்தது. பட்டியலினத்தவரை இந்த வேலையில் ஈடுபடுத்துவதே வன்கொடுமை என்கிறது. இதில் வழக்குப் பதிவானால் டிஎஸ்பி அளவிலான அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவன். அதை விட்டுவிட்டு மேடையில் பேசினேன் என்றால் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். ஆனால் இரண்டு சட்டங்களை ஐந்து நிமிடத்தில் விளக்கினால் இரண்டும் குழம்பும். விளக்கத்தை எடுத்துவிட்டு, கோரிக்கையில் மட்டும் அந்தப் பிரிவு எண்ணை வைத்துக்கொண்டேன். காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேட்க எண் போதும்.

இப்படியாகப் பதினொன்றரை மணிக்கு 435 சொற்களில் நின்றது. எனக்குத் திருப்தி. நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன், நாலே முக்கால் நிமிடம்.

காலையில் மண்டபத்துக்குப் போகும் வழியில் சங்கத்து அக்கா வீட்டில் இறங்கினேன். இருபத்திரண்டு வருடம் தெருக்கூட்டியவர், இப்போது வார்டுக் கிளைச் செயலாளர். அவர் தோசைக்கல்லில் நின்றுகொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று வாசித்தேன். முடித்ததும், "அக்கா, நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். நல்லா இருந்துச்சா என்று கேட்டால் நல்லா இருக்குன்னுதான் சொல்வார்கள், அதனால் பிரயோஜனம் இல்லை.

அவர் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார். "முப்பது லட்சம் கோர்ட்டு சொல்லியிருக்கு, அத விடாம வாங்கணும்ங்கிற."

நான் சொன்னதற்கு நேர் எதிர். 435 சொற்களில் அந்தத் தொகை வந்தது ஒரே ஒரு வரியில். ஆனால் உரை முழுவதிலும் இருந்த பெரிய எண் அதுதான். மாதம் ஒப்பந்தக் கூலி வாங்குகிறவர்கள் நிறைந்த கூட்டத்தில் முப்பது லட்சம் என்ற சொல் விழுந்தால், அடுத்த ஒரு நிமிடத்துக்கு வேறு எதுவும் காதில் விழாது. பத்து நிமிட உரையில் அதைச் சுற்றிலும் வேறு எண்கள், வேறு தேதிகள் இருந்தன. அவற்றை நான் வெட்டியதும் இது மட்டும் தனியாக நின்று பெரிதாகிவிட்டது. ஒன்றை எடுத்தால் மிச்சமிருப்பதன் எடை மாறும் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை.

"அது இல்லக்கா. கேஸ்ல நகராட்சியச் சேர்க்கணும்னு சொல்றேன்."

"அதெப்படித் தம்பி சேர்க்க முடியும்? கூப்புட்டுட்டுப் போனது காண்ட்ராக்ட்காரன் ஆளுல்ல? முனிசிபாலிட்டிக்காரன் எங்களுக்குத் தெரியாதுன்னுதான சொல்லுவான்?"

உரையைப் புரட்டிப் பார்த்தேன். "நேரடியாகவோ மறைமுகமாகவோ" இல்லை. ராத்திரி நானே அடித்திருக்கிறேன். 7ஆம் பிரிவு என்று சொன்னாலே நகராட்சி வந்துவிடும் என்பது எனக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. அது விளக்க வேண்டிய படி என்றே தோன்றவில்லை. பேசுகிறவனுக்கு மிகவும் தெரிந்த இடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது, வாதத்தின் கணு அங்கேயே இருந்தாலும். ஏற்பாட்டாளர் என்ன எடுக்கச் சொன்னாரோ, அதை அவருக்கு முடியாது என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, நானே என் கையால் எடுத்துவிட்டிருந்தேன். நகராட்சி என்ற பெயர் உரையில் நான்கு இடத்தில் இருந்தது. அது ஏன் குற்றவாளி என்பது ஒரு இடத்திலும் இல்லை.

அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். மறைமுகம் என்பதை விளக்க நாற்பது சொல் வேண்டும். இழப்பீட்டு வரியை எடுத்தேன், பன்னிரண்டு சொல் கிடைத்தது. மேடையில் இருப்பவர்களைத் தனித்தனியாக விளிப்பதை, "மேடையிலும் எதிரிலும் இருக்கும் தோழர்களுக்கு ஜெய் பீம்" என்று ஆக்கினேன். அதில் இருபத்தைந்து சொல். இரண்டு பேருக்கு மனவருத்தம் வந்திருக்கும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

மிச்சம் இருந்தது இறந்தவரின் கதை. இதில்தான் கை நடுங்கியது. அவர் மனைவி மாநாட்டுக்கு வருகிறார். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிற பெண். பத்து நிமிட உரையில் அவர் கணவரைப் பற்றி இரண்டு நிமிடம் இருந்தது. பிள்ளைகள், வாங்கி முடிக்காத வீட்டு மனை, பறை அடிப்பதில் அவருக்கு இருந்த பேர், அந்த ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி வெட்டியதில் அது "ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஆள்நுழைவுக் குழியில் மூச்சுத்திணறி இறந்தார்" என்று ஆகியிருந்தது. போலீஸ்காரர் எஃப்.ஐ.ஆரில் எழுதியதற்கும் நான் எழுதியதற்கும் வித்தியாசம் இல்லை.

அந்தத் தங்கச்சிக்குப் போன் செய்தேன். நேரம் குறைந்துவிட்டது, முழுவதும் சொல்ல முடியாது, எதைச் சொல்லட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு பேர மட்டும் சொல்லிருங்கண்ணே. ஒரு ஆளு ஒரு ஆளுன்னே எல்லாரும் சொல்றாங்க" என்றார். பிறகு அவராகவே, "அந்தக் காலைல வந்த போனையும் சொல்லுங்க" என்றார்.

அந்தப் போன்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேஸ்திரி கூப்பிட்டிருக்கிறார். நகராட்சியிலிருந்து புகார் வந்திருக்கிறது, ஒன்பது மணிக்குள் அடைப்பு எடுக்கணும் என்று சொன்னதை ஸ்பீக்கரில் மனைவியும் கேட்டிருக்கிறார். நகராட்சி, ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, இவர் என்ற சங்கிலி அந்த ஒரு அழைப்பில் இருக்கிறது. "மறைமுகமாக" என்பதற்கு நான் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை. கதையையும் சட்டத்தையும் இரண்டு பகுதியாக வைத்திருந்ததால்தான் இரண்டுக்கும் இடம் போதவில்லை. கதைக்குள்ளேயே சட்டத்தை வைத்தால் ஒன்றே போதும்.

இப்போது உரை இப்படித் தொடங்கியது. பெயரை இங்கே எழுதவில்லை, மேடையில் சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. நகராட்சியில் இருந்து சொல்கிறார்கள், ஒன்பது மணிக்குள் அடைப்பை எடுக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. பத்து மணிக்கு அவர் உயிரோடு இல்லை. மதியம் போலீஸ் எழுதிய எஃப்.ஐ.ஆரில் ஒரே ஒரு குற்றவாளி: போன் செய்த மேஸ்திரி. போனில் அவர் சொன்ன நகராட்சி எங்கே போனது? 2013 சட்டத்தின் ஏழாம் பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் இறக்கக் கூடாது என்கிறது. மேஸ்திரி நேரடி. நகராட்சி மறைமுகம். இரண்டும் குற்றம். ஏழாம் பிரிவை எழுதாமல் விட்டதால் இரண்டாவது குற்றவாளி வீட்டில் இருக்கிறார்."

இதற்கு முக்கால் நிமிடம். பிறகு மூன்று மாதக் கெடு. அதை அவசரப்படாமல் ஒன்றரை நிமிடம் சொன்னேன், நாளைக் கணக்கிட்டுக் காட்டினேன். பிறகு கோரிக்கை: எஃப்.ஐ.ஆர் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகக் கேட்டு வாங்க வேண்டும், அதில் 7ஆம் பிரிவும் வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(j)யும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரமே எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். மொத்தம் 420 சொல்.

கோரிக்கையை நான் கடைசியில் வைத்தேன், ஆனால் அது கடைசி நிமிடத்தில் வராதபடி பார்த்துக்கொண்டேன். நான்காவது நிமிடத்தில் துண்டுச் சீட்டு வரும் என்பது இந்த மாநாடுகளில் தெரிந்த விஷயம். சீட்டைப் பார்த்தவுடன் பேச்சாளர்கள் பதறி, இருப்பதிலேயே முக்கியமான கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டு நன்றி சொல்லி இறங்குவார்கள். நானும் பலமுறை செய்திருக்கிறேன். அதனால் இம்முறை மூன்றரை நிமிடத்தில் கோரிக்கை தொடங்கும்படி அடுக்கி, கடைசி அரை நிமிடத்தில் விட்டாலும் நஷ்டமில்லாத இரண்டு வாக்கியங்களை வைத்திருந்தேன்.

சீட்டு மூன்று நிமிடம் ஐம்பது வினாடியில் வந்தது. கோரிக்கையை முடித்துவிட்டு அந்த இரண்டு வாக்கியத்தையும் விட்டுவிட்டு இறங்கினேன். கைதட்டல் சுமார்தான். விஷவாயு பற்றிப் பேசியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆணையர் என் முகத்தைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்பாட்டுத் தோழர் மேடைக்குப் பின்னால் வந்து, "விடவே மாட்டீங்களா தோழர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்குக் கிடைத்த பலன் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் வந்தது. வேறு நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்த மூணு மாசம் எந்த நாள்ல இருந்து தம்பி? செத்த நாளா, எஃப்.ஐ.ஆர் போட்ட நாளா?" சம்பவம் நடந்த நாள் என்றேன். விரல் விட்டு எண்ணினார். அவருடைய தம்பி மகன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் என் கையை விட்டார். வன்கொடுமைச் சட்டத்துக்கு அந்த மூன்று மாதக் கெடு கிடையாது, அந்த வழியில் பார்க்கலாம் அம்மா என்று சொல்லி அவர் எண்ணை வாங்கிக்கொண்டேன். அதை மேடையில் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. பத்துச் சொல்தான் ஆகியிருக்கும். விட்டாலும் நஷ்டமில்லை என்று வைத்திருந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பதிலாக அது இருந்திருக்கலாம். அடுத்த முறைக்குக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

மாநாட்டன்று தங்கச்சியின் கணவர் இறந்து 68 நாள். மூன்று வாரம் சொச்சம் இருந்தது. மறுநாள் காலை அக்காவும் நானும் அவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். பிரிவுகளைச் சேர்க்கக் கேட்கும் மனுவை ஆய்வாளர் வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை. அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அனுப்பியிருக்கிறோம். ஏழு மணிப் போன் அழைப்பின் பதிவு இருக்கும் செல்போனை அழிக்காமல், விற்காமல், யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். வக்கீல் தோழர் வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கான புகாரை எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். அதில் நகராட்சி முதல் எதிரி.